கிரிட்டிக்கல் கெடக்கட்டும், அந்த மீடியத்த பாருங்க

கேள்வி: கிளவுட் செக்கியூரிட்டி டூல்ல ஒரு சர்வருக்கு போர்ட் 22 திறந்திருக்குன்னு கிரிட்டிக்கல், இன்னொன்னுக்கு மெட்டாடேட்டா செட்டிங்னு மீடியம். எத முதல்ல அடைக்கணும் அண்ணே?

மீடியத்த அடைங்க தம்பி. சுங்கை சிப்புட்ல நாங்க செம்பனை லோரி எடைச்சீட்டு சிஸ்டம் பாத்துக்கிறோம், எங்களுக்கும் ஏடபிள்யூஎஸ்ல இதேதான் வந்துச்சு. போர்ட் 22 திறந்திருந்தது நிப்பாட்டி வச்ச டெஸ்ட் மெஷின், பப்ளிக் ஐபியே கிடையாது, வெளியிலருந்து தொடவே முடியாது. மீடியம்னு வந்ததுல `HttpTokens: optional`, அதாவது டோக்கன் கேக்காமலே மெட்டாடேட்டா குடுத்துடும், அதுலயும் அந்த மெஷின் இன்டர்நெட்ட பாத்து நிக்குது, அதோட ரோலுக்கு எல்லா பக்கெட்டையும் படிக்க அனுமதி இருக்கு, ஒரு பக்கெட்ல தொழிலாளர்களோட ஐசி காப்பி. வெப் ஆப்ல, வெளியாள் சொல்ற அட்ரஸுக்கு சர்வரையே போக வைக்கிற எஸ்எஸ்ஆர்எஃப் ஓட்டை ஒன்னு இருந்தா போதும், `169.254.169.254`-ல ரோலோட கீய வாங்கி அத்தனையும் அள்ளிடுவான்.

நல்ல டூல் இத தனித்தனியா பாக்காது, வெளியிலருந்து எட்டுமா, என்ன ரோல், கடைசில என்ன டேட்டான்னு சங்கிலியா கோத்து பாத்துதான் மேல தூக்கும். நாங்க பக்கெட்ட ஸ்கேன் பண்ண அனுமதி குடுக்கல, அதனால ஐசி இருக்குறதே அதுக்கு தெரியல, மீடியத்துலயே கெடந்துச்சு.

கிளவுட்வாட்ச்ல, டோக்கன் இல்லாம எத்தன தடவ மெட்டாடேட்டா எடுத்தாங்கன்னு காட்டுற `MetadataNoToken` கொஞ்ச நாளா பூஜ்யமா நிக்குதான்னு பாத்துட்டு `HttpTokens`-அ `required` ஆக்குங்க, இல்லேன்னா பழைய ஸ்கிரிப்ட் எதாச்சும் நின்னுடும். ரோலையும் ஒரே பக்கெட்டுக்கு சுருக்கிடுங்க.