ஸ்கெட்ச்சில் அழகாக இருந்த பிளவுஸ் தோளில் நிற்கவில்லையே?

மகள் கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் பிளவுஸ். மாடல் பெண் மேல் வரைந்த ஸ்கெட்ச்சைக் காட்டினார் டெய்லர்: அகலக் கழுத்து, முதுகில் பானை வடிவம், முழங்கை வரை கை. தைத்து வந்தது தோளில் நழுவுகிறது, கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கிறது. ஆரி போட்ட பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். 6,500 ரூபாய் போச்சு.
- ஒரு தாய், கும்பகோணம்

போகவில்லை அம்மா, இன்னும் வழி இருக்கிறது. ஆனால் இந்த ஸ்கெட்ச் விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

ஃபேஷன் ஸ்கெட்ச்சில் வரும் பெண்ணின் உயரம் அவள் தலையைப்போல் ஒன்பது மடங்கு இருக்கும். நாமெல்லாம் ஏழு, ஏழரை மடங்குதான். கழுத்தும் கையும் நீண்டு, தோள் நேராக, கைகள் தொங்கியபடி அவள் நிற்கிறாள். கையைத் தூக்கி ஜடையில் பூ வைப்பதில்லை. அதனால் அக்குள் இழுப்பதும் தோள் சரிவதும் அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. கழுத்து எத்தனை இஞ்ச் அகலம், எத்தனை இஞ்ச் இறக்கம் என்று எழுதாத ஸ்கெட்ச்சை நம்பி யாரும் பட்டுத்துணியைக் கொடுக்கக்கூடாது.

உங்கள் மகளுக்குத் தோள் 14 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தின் அகலம் 9 இஞ்ச் வைத்தால், இருபுறமும் தோளில் மிஞ்சுவது இரண்டரை இஞ்ச்தான். பின்கழுத்து 10 இஞ்ச் இறங்கினால் அந்த இரண்டரை இஞ்சை முதுகிலிருந்து இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லை, சரியத்தான் செய்யும். பின்னால் ஆழம் வேண்டுமென்றால் அகலத்தை 7 இஞ்சுக்குள் வைத்து, முன்கழுத்தையும் அதிகம் இறக்காமல் விட்டிருக்க வேண்டும். இதை அளவெடுக்கும்போதே சொல்ல வேண்டியது டெய்லரின் வேலை.

ஆரி, துணியை வெட்டுவதற்கு முன்பே போடுவது. கழுத்தையும் கையையும் துணியில் வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அந்தக் கோட்டையொட்டி மணியும் ஜரிகையும் கோப்பார்கள். கோடு தப்பினால் வேலை முழுவதும் தப்பு. அதனால் நல்ல டெய்லர் முதலில் லைனிங்கை மட்டும் வெட்டி, கைத்தையல் போட்டு, மாட்டிப் பார்க்கச் சொல்வார். அந்த லைனிங் காட்டன் என்றால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுவார். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே அது சுருங்கி, மேல்துணி சுருக்கம் விழுந்து நிற்கும்.

இனி உங்கள் பிளவுஸ். பின்கழுத்தின் மேல்பகுதியில், இரு தோளுக்கும் நடுவே கயிறு வைத்துக் கட்டினால் நழுவுவது நிற்கும். கையில் ஆரி பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும், அக்குள் பக்கம் வெறும் துணி. உள்ளே தையலுக்கு விட்ட துணி மிச்சமிருந்தால் பிரித்து விடலாம். இல்லாவிட்டால் மிஞ்சிய அதே துணியில் சின்னத் துண்டு வைத்துத் தைக்கலாம். புடவைக்குள் அது வெளியே தெரியாது. இரண்டையும் கூலி வாங்காமல் செய்து தரச் சொல்லுங்கள். மறுத்தால் ரசீதையும் ஸ்கெட்ச்சையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். தையலும் சேவைதான், சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

ஆன்லைனில் குர்தா வாங்கினேன். ஸ்கெட்ச்சில் கழுத்து, கை, முதுகு எல்லாம் பூவேலை. வந்ததில் முன்பக்கம் மட்டும். "ஸ்கெட்ச் மாதிரிக்குத்தான்" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
- கல்லூரி மாணவி, மதுரை

அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. விளம்பரத்தில் காட்டிய அம்சம் பொருளில் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020 மின்வணிக விதிகளே சொல்கின்றன. அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். எனக்கும் இப்படி ஒரு குர்தா வந்தது: படத்தில் நூல்வேலை, கையில் எடுத்தால் பிரிண்ட். அன்றிலிருந்து துணியின் உள்பக்கப் படத்தை அனுப்பச் சொல்லாமல் வாங்குவதில்லை. நூல்வேலை என்றால் உள்ளே நூலோட்டம் தெரியும்.

அளவு பிளவுஸ் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய அளவு டெய்லர் நோட்டில் இருந்தது, அதை வைத்தே தைத்துவிட்டார். குழந்தை பிறந்த பிறகு இப்போது கொக்கியே மாட்ட முடியவில்லை. நஷ்டஈடு கேட்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

கேட்க முடியாது. உடம்பு மாறியதைச் சொல்லாதது நீங்கள்.

முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்துவிட்டேன். பில் கேட்டால், "டெய்லர் கடையில் என்ன பில்?" என்கிறார்.
- ஒரு வாசகர், வேலூர்

ரசீது தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. இன்றைக்கே தொகையையும் டெலிவரி தேதியையும் எழுதி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.