என் நிலத்தில் கைப்பேசிக் கோபுரம் அமைக்க மாதம் 3,000 வெள்ளி வாடகை தருகிறார்களாம். முதலில் 500 வெள்ளி பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். நீங்களும் என்னைப் போலத் தோட்டத்தை விட்டு வந்த பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டவராகத்தான் இருப்பீர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்தை ஒட்டி எனக்கு முக்கால் ஏக்கர் இருக்கிறது. அங்கே கைப்பேசி ஒலித்தால் ரம்புத்தான் மரத்தடிக்கு ஓடினால்தான் பேச்சுக் கேட்கும். அதனால் "உங்கள் பகுதிக்குக் கோபுரம் தேவைப்படுகிறது" என்று ஒருவன் சொன்னபோது அது பொய்யாகவே படவில்லை. பேராசை என்று எழுத வருபவர்கள் முதலில் அந்த மரத்தடியில் நின்று பேசிப் பார்க்கட்டும்.

வாடகை 3,500 வெள்ளி, முன்பணம் 40,000 என்றான். அரசு முத்திரையுடன் அனுமதிக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. பதிவுக்கு 450, காப்புறுதிக்கு 1,150, முன்பணத்தை விடுவிக்க வரி 2,600. எல்லாமே திரும்பக் கிடைக்குமாம். வங்கிக் கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டால் கணக்காளர் என்றான். நானும் கண்ணை மூடிக்கொண்டு கட்டவில்லை. போலீசின் semakmule.rmp.gov.my தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்த்தேன். புகார் எதுவும் இல்லை. முன்பே யாராவது புகார் கொடுத்திருந்தால்தான் அங்கே தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது.

நான்காவதாக லாரிச் செலவு கேட்டபோதுதான் சந்தேகம் வந்தது. பணம் போன உடனே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைத்திருக்க வேண்டும். அடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் அழைத்தால்தான் முடக்க வழியுண்டு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு பதினொரு நாள் கழித்து அழைத்தேன். 4,200 வெள்ளியும் போனது போனதுதான். இதை என் மைத்துனர் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லார் முன்பும் சொல்லிச் சிரித்தார். 2009-இல் கடை வைக்க என்னிடம் வாங்கிய 6,000 வெள்ளியை இன்றுவரை அவர் திருப்பித் தரவில்லை. அதற்கு என்ன பெயர் என்று அவரையும் யாராவது கேளுங்கள்.

மறு வருடம் உண்மையான ஆட்களே வந்தார்கள். இரண்டு பேர், கையில் இடம் குறிக்கும் கருவி. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அதற்குள் நான்கு நிலங்களைப் பார்த்தார்கள். கிராண்ட் யார் பெயரில், லாரி உள்ளே வருமா, மின்சாரக் கம்பி எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். ஒப்பந்தம் போட்டால் வாடகையும் வைப்புத்தொகையும் அவர்கள்தான் நமக்குத் தருவார்களாம். ஊராட்சி மன்ற அனுமதிக்கும் அவர்களே அலைவார்களாம். ஒரு காசு கேட்கவில்லை. முதலில் வந்தவனோ கடைசிவரை என் நிலம் எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

என் நிலம் பள்ளத்தில் இருக்கிறதாம். கோபுரம் எதிர்மேட்டில் நிற்கிறது. இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்தே பேசுகிறேன்.