காய்ச்சலும் கணக்கும் – கடிதம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் சமீபத்திய கதையை இரண்டு முறை படித்தேன். லீட்ஸ் நகரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞன் ஃப்ளூ காய்ச்சலில் கிடக்கிறான், மருத்துவரைப் பார்க்க முடியவில்லை, தானாகவே சமாளித்து எழுகிறான். நான் இருக்கும் ராமமூர்த்தி நகரில் இரவு ஒன்பது மணிக்குக்கூடத் தெருமுனை கிளினிக்கில் டாக்டரைப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் அது முடியாது என்பதை நம்ப முடியவில்லை. மருத்துவரே இல்லாமல் குணமாவதாகக் கதையை முடித்திருப்பது பொறுப்பற்றதாகவும் பட்டது. என் தம்பி அடுத்த மாதம் அங்கே செல்கிறான், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதல் குறையை ஏற்க மாட்டேன். இரண்டாவதை ஏற்கிறேன், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அந்தக் கதை என் அக்கா மகனுடையது. அவன் ஒரு நவம்பரில் லீட்ஸ் சென்றான், ஜனவரியில் படுத்தான். அங்கே ஜி.பி. என்று சொல்லப்படும் குடும்ப மருத்துவரிடம் முன்னதாகவே பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணத்தைச் செலுத்தியிருந்த அவன், அதுவே பதிவு என்று நினைத்து இரண்டரை மாதம் சும்மா இருந்துவிட்டான். பதிவு இல்லாதவருக்கும் உடனடித் தேவை இருந்தால் பார்க்க வழி உண்டு. ஆனால் உடல்நலமுள்ள இருபத்தைந்து வயது இளைஞனுக்கு ஃப்ளூ என்றால், பதிவு செய்திருந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வீட்டிலேயே இருங்கள், தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் எடுங்கள். இதை அலட்சியம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஃப்ளூ வைரஸால் வருவது. மருத்துவர் பார்த்தாலும் அநேகருக்கு அதைத்தான் சொல்வார், கூட்டமான அறையில் அவன் இருமினால் நான்கு பேருக்கு ஒட்டும்.

இரண்டாம் நாள் அவன் 111 என்ற எண்ணை அழைத்தான். அது அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்காக அங்கே இரவும் பகலும் இயங்கும் தொலைபேசிச் சேவை. எடுத்தவர் மருத்துவர் அல்லர், கேள்விப் பட்டியலைப் பின்பற்றும் பயிற்சி பெற்ற பணியாளர். காய்ச்சல் எவ்வளவு என்றதும் இவன் 102.5 என்றான். அங்கே செல்சியஸில் கேட்கிறார்கள், அது 39.2 என்று கணக்கிடுவதற்குள் அவனுக்கு அழுகையே வந்துவிட்டதாம். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, குழப்பமாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று கேட்டுவிட்டு, எதுவும் இல்லை என்றதும் எப்போது மறுபடி அழைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவன் நினைத்தான். அல்சூரில் இருந்த அக்காவுக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கதையில் நான் செய்த தவறு இதற்குப் பிறகு வருகிறது. காய்ச்சல் ஏறும்போதெல்லாம் அவன் மாத்திரை போட்டுக்கொள்வதாக ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டேன். உண்மையில் நடந்தது வேறு, அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை காணொளியில் பேசும்போது அவன் மேசையில் இரண்டு பொருள்கள் தெரிந்தன. ஒன்று, அக்கா பெட்டியில் வைத்து அனுப்பிய டோலோ 650, அதாவது 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை. மற்றொன்று, பல்பொருள் அங்காடியில் அவன் வாங்கிய, வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் எலுமிச்சைச் சுவைப் பொடி. அவன் அதைத் தேநீர் போல நினைத்திருந்தான். அட்டையைத் திருப்பி வாசிக்கச் சொன்னேன். ஒரு பொட்டலத்தில் பாராசிட்டமால் 1,000 மில்லிகிராம். காலையிலிருந்து டோலோ இரண்டு, பொடி இரண்டு, ஆக 3,300 ஆகியிருந்தது. பெரியவர் ஒருவருக்கு 24 மணி நேரத்தில் உச்ச வரம்பு 4,000. இரவு படுக்கும் முன் இரண்டிலும் ஒவ்வொன்று எடுக்க எண்ணியிருந்தான், எடுத்திருந்தால் 4,950. அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு டோலோவுக்கான இடம், அதையும் கடைசியாக எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரமாவது கழிந்த பிறகுதான். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். முதல் நாளில் உடம்பு ஒன்றும் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. ஆகவே வரம்பு மீறியது தெரிந்தால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே 111-ஐ அழைக்க வேண்டும், அதிகமாக எடுத்திருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். உங்கள் தம்பியின் பெட்டியில் டோலோ வைப்பீர்கள், வையுங்கள். அத்துடன் இந்தக் கணக்கையும் எழுதி வையுங்கள்.

அதே பெட்டியில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பட்டை ஒன்றும் இருந்தது. மூன்று நாள் மாத்திரை, இங்கே நம் வீடுகளில் காய்ச்சல் என்றாலே கை அதற்குத்தான் நீளும். அதை எடு என்று அக்கா சொன்னார்கள், வேண்டாம் என்று நான் சொன்னேன், எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு இல்லை. வைரஸை அது ஒன்றும் செய்யாது. ஃப்ளூவுக்குப் பின்னால் சிலருக்குப் பாக்டீரியாவால் நிமோனியா வரும். அப்போது ஆன்டிபயாடிக் தேவைப்படும், எது என்பதை நெஞ்சைச் சோதித்த மருத்துவர் சொல்வார். அது வந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? விட்ட காய்ச்சல் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்காம் ஐந்தாம் நாளில் தணிந்த காய்ச்சல் ஓரிரு நாள் கழித்து மறுபடி ஏறி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ துருநிறச் சளியோ சேர்ந்தால், அது முதல் நாள் ஃப்ளூ அல்ல. அப்போது காத்திருக்கக் கூடாது. பேசவே மூச்சு போதவில்லை என்றால் 111 அல்ல, நேராக அங்குள்ள அவசர உதவி எண்ணான 999.

அதனால் அவனை ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். மணி, காய்ச்சல், எடுத்த மருந்து, குடித்தது, சிறுநீரின் நிறம். நிறம் அடர்ந்தால் இன்னும் குடிக்க வேண்டும். குக்கர் இல்லாத அந்த அறையில் ஒரு கைப்பிடி அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, கஞ்சியாகக் குடித்தான். குளிர் நடுக்கம் இருக்கும்போது போர்த்திக்கொள், நின்றதும் போர்வையை எடுத்துவிடு என்று அக்காவே சொன்னார்கள், அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுமே என்று இரண்டாம் நாளே எழுந்து கிளம்பப் பார்த்தான். அங்கே முதல் 7 நாளுக்கு நோயாளி தானே எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல்தான் மருத்துவரின் சீட்டு. இங்கிருந்து செல்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

காய்ச்சல் ஐந்தாம் நாள் விட்டது. இருமல் விடவில்லை. ஒன்பதாம் நாள் அவன் நிமோனியா என்றே முடிவு செய்துவிட்டான். நோட்டைப் பிரித்து வாசிக்கச் சொன்னேன்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு முறையும் 37.5-ஐத் தாண்டவில்லை. ஃப்ளூவின் இருமல் இரண்டு வாரம் இருப்பது வழக்கம்தான்.

இவையெல்லாம் ஆஸ்துமாவோ நீரிழிவோ இதய நோயோ இல்லாத ஒரு இளைஞனுக்கு. அவை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதல் நாளே அழைத்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பயன்படும். என் கதை நாயகனுக்கு இருக்கும் சலுகையை எல்லோருக்குமானதாகக் காட்டியிருந்தேன். அந்த இடத்தையும் மாத்திரை வாக்கியத்தையும் தொகுப்பில் திருத்துகிறேன்.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவன் எழுதியிருப்பது: "12-ஆம் நாள். 36.8. இருமல் இருக்கிறது. மூன்று மாடி நிற்காமல் ஏறினேன். ஜி.பி. படிவம் கொடுத்துவிட்டேன்."