மகள் கையிலிருந்து அந்த ட்யூபை முதலில் வாங்குங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. பாலக்கோட்டில் வீட்டு வாசலிலேயே இட்லி, வடைக் கடை நடத்துகிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழுந்தது. ஒரு வருடமாக, நாத்தனார் மருந்துக் கடையில் வாங்கித் தந்த க்ரீமைப் போடுகிறேன். போட்டால் இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிறது. நிறுத்தினால் முன்பைவிடக் கறுக்கிறது. அடுப்புப் பக்கம் போனாலே முகம் எரிகிறது. பிளஸ் டூ படிக்கும் மகளும் பருவுக்கு அதைத்தான் போடுகிறாள், அவளுக்கு நன்றாகவே கேட்கிறது. மங்கு அடியோடு போக நல்ல க்ரீம் ஒன்று சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மங்கைவிட அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது. பதினேழு வயதுப் பெண் முகத்தில் என்ன பூசுகிறாள் என்று ட்யூபைத் திருப்பிப் படித்தீர்களா? பெண்ணைப் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை அது. நாத்தனார் அன்பாகத்தான் தந்திருப்பார். அன்பாகத் தந்தாலும் மருந்து மருந்துதான்.

இப்போதே எடுத்துப் பாருங்கள். மொமெட்டாசோன், ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின் என்று மூன்று பெயர்கள் இருக்கும் என்றே நினைக்கிறேன். இதில் மொமெட்டாசோன் ஸ்டீராய்டு. இரண்டு வாரத்தில் வருகிற பளிச்சில் பெரும்பங்கு அதனுடையது. மங்குக்கு மருத்துவரும் இந்தக் கலவையை எழுதுவதுண்டு. ஆனால் இரவில் மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், தன் பார்வையில் வைத்துக்கொண்டு. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது. ஒரு வருடம் பூசினால் தோல் மெலிந்துவிடும். கன்னத்தில் நூல் போலச் சிவந்த நரம்புகள் தெரியும், பூனைமுடி வளரும், வெயிலும் அனலும் பட்டாலே எரியும். அடுப்படியில் உங்களுக்கு எரிகிறதே, அது மங்கின் எரிச்சல் அல்ல. மங்கு எரியாது, அரிக்காது. மகளுக்குப் பரு அடங்கியதும் இதே கதைதான்: ஸ்டீராய்டு முதலில் பருவை அமுக்கும், நிறுத்தியதும் முகமெல்லாம் கிளப்பிவிடும்.

ஆகவே இன்னொரு க்ரீமின் பெயரை நான் எழுத மாட்டேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே இருவரும் போங்கள். ஒரு வருடம் போட்டதை நீங்களாகத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். எப்படிக் குறைப்பது என்று அங்கே சொல்வார்கள். தக்காளிச் சாறும் எலுமிச்சையும் தேய்க்காதீர்கள். தோல் புண்பட்டால் அந்த இடம் இன்னும் கறுக்கும்.

கடையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மங்கை வளர்ப்பது வெயில் மட்டும் அல்ல, அடுப்பின் அனலும்தான். வடைச் சட்டிக்கு மேல் குனிந்தே நிற்கிறவருக்கு எந்த மருந்தும் முழுதாகப் பலன் தராது. அடுப்பை இடுப்புயரத்துக்கு ஏற்றி வையுங்கள், நீளக் கைப்பிடிக் கரண்டி வாங்குங்கள், காலை வெயில் முகத்தில் விழாதபடி வாசலில் ஒரு படுதா கட்டுங்கள். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், தோல் நிறச் சாயம் கலந்ததாக வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். மங்குக்கு அந்த வெளிச்சமும் பகைதான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டளவு தடவிவிட்டுப் பலனில்லை என்று எழுதுகிறவர்கள் அநேகம். வெளிச்சம் வந்ததும் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. வியர்வையைத் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. பிரசவ காலத்தில் மங்கை வரவழைத்த அதே ஹார்மோன்களின் வேலையை அந்த மாத்திரையும் செய்யும். சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழிகள் உண்டு. ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையும் உண்டு. இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பாரத்தை மனைவியே சுமக்க வேண்டும் என்பதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடியோடு போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மங்கலாகும், சில மாதங்கள் பிடிக்கும், வெயிலையும் அனலையும் மறந்தால் திரும்ப வரும். ட்யூபைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள், மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும். நாத்தனாரும் அதையே பூசுகிறார் என்றால் அவரையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள்.