ஒன்பதாம் அதிபதி பன்னிரண்டில் நின்றால்

ஐயா வணக்கம். மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம். என் மகன் திருவாதிரை, கடக லக்னம், ஐப்பசியில் நள்ளிரவுக்குச் சற்று முன் பிறந்தவன். 12-ல் குரு, ராகு, சந்திரன். 4-ல் சுக்கிரன், சூரியன், புதன். சனி 11-ல். குரு தசையில் ராகு புத்தி நடக்கிறது. ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. குரு மறைந்துவிட்டார், பயணம் தடைப்படும் என்கிறார் ஒருவர். போனால் திரும்ப மாட்டான் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவது?

அன்புள்ள ஐயா,

இரண்டையும் நம்ப வேண்டாம். கடகத்துக்கு ஒன்பதாம் வீடு மீனம். அதன் அதிபதியும் உயர்கல்விக்குக் காரகரும் ஒரே குருதான். அவர் 12-ல் நிற்பதை வெறும் மறைவு என்று தள்ளிவிட முடியாது. 12 அயல்தேச வாசத்துக்கான வீடு. பாக்கியாதிபதி அங்கே போனால் படிப்பு பிறந்த மண்ணைத் தாண்டித்தான் அமையும். நீங்கள் அனுப்பிய கட்டத்தில் குரு 21 பாகையைத் தாண்டி, சொந்த நட்சத்திரமான புனர்பூசத்தில் இருக்கிறார். ராகு 5 பாகையிலேயே நின்றுவிட்டார். ஒரே ராசியில் இருந்தாலும் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது குரு கெட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். அதே 12-ல் உள்ள ராகுவின் புத்தி இப்போது நடக்கிறது. பையன் கிளம்ப இதுவே காலம்.

ஆனால் ஒன்று. கடகத்துக்குக் குரு ஆறாம் அதிபதியும்கூட. 12-ல் இருந்து தன் ஆறாம் வீட்டையே பார்க்கிறார். கல்விக்கடன் கிடைக்கும், அந்தச் சுமையும் கூடவே வரும். நிலப் பத்திரம் முழுவதையும் வங்கியில் வைக்காதீர்கள். தசை முடிந்ததும் வரும் சனி ஏழுக்கும் எட்டுக்கும் உடையவர். 11-ல் இருப்பதால் சம்பாத்தியம் உண்டு. சனி தசையில் முதலில் சுயபுத்தி, சுமார் 3 வருஷம். கடனை அடைக்க அதை நம்பலாம்.

குடியேறுவது வேறு கணக்கு. அதற்கு ஒன்பதை மட்டும் பார்த்தால் போதாது, நாலாம் வீடு கெட்டிருக்க வேண்டும். அங்கே பாவ கிரகம் ஏறி, அதன் அதிபதியும் 6, 8, 12-ல் விழுந்திருந்தால் ஊர்ப் பிடிப்பு விட்டுப்போகும். உங்கள் மகனுக்கோ நாலாம் அதிபதி சுக்கிரன் துலாத்தில் ஆட்சி. குருவின் ஐந்தாம் பார்வையும் அங்கேதான் விழுகிறது. சூரியன் நீசமாக இருப்பது மட்டும் சின்னக் குறை. அப்பாவோடு மனஸ்தாபம் வரலாம், பார்த்துப் பேசுங்கள். பன்னிரண்டாம் அதிபதி புதனும் அதே நாலில் இருக்கிறார். சனி தசையில் சுயபுத்தி முடிந்ததும் புதன் புத்தி, 2 வருஷம் 8 மாதம் 9 நாள். திரும்பி வருவதா, அங்கேயே இருப்பதா என்ற பேச்சு அப்போதுதான் எழும். வருவான் என்றே நினைக்கிறேன். நிரந்தரமாக வராவிட்டாலும் வீட்டையும் வயலையும் விட்டுவிட மாட்டான்.

ஆலங்குடிக்குப் போய்க் குருவைக் கும்பிட்டு வாருங்கள், நல்லதுதான். அதற்கு முன் பிறந்த நேரத்தை மருத்துவமனைச் சீட்டோடு ஒத்துப்பாருங்கள். லக்னம் மிதுனமாகப் பின்னால் தள்ளினால் ஒன்பதாம் அதிபதி சனியாகிவிடுவார், குரு லக்னத்துக்கு வந்துவிடுவார். அப்போது நான் சொன்ன எதுவும் பொருந்தாது.