பதற்றம், மனச்சோர்வு: மேனேஜரிடம் சொல்லலாமா? ஹெச்.ஆர். அக்கா பதில் சொல்கிறார்

அக்கா, பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். காலை எட்டரை மணி மீட்டிங் என்றாலே நெஞ்சு படபடக்கிறது, அடிக்கடி லேட். டீம் லீடிடம் சொல்லிவிடவா?

நோயின் பெயரைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் பாருங்கள் தம்பி. வேண்டியது அந்த மீட்டிங் பத்து மணிக்கு மாறுவது, அவ்வளவுதானே? "ஒரு உடல்நலப் பிரச்சினைக்குச் சிகிச்சையில் இருக்கிறேன், காலை நேரம் சிரமமாக இருக்கிறது, இரண்டு மாதம் பத்து முதல் ஏழு வரை வேலை பார்க்கிறேன், அப்புறம் மறுபடி பேசலாம்" என்று கேளுங்கள், அதையே அன்றைக்கே மெயிலிலும் போட்டுவிடுங்கள். என்ன உடம்புக்கு என்று கேட்பார், பெரும்பாலும் அக்கறையில்தான். "டாக்டர் பார்க்கிறார், வேண்டுமானால் சர்டிபிகேட் தருகிறேன்" போதும். ஆனால் தாமதத்துக்காக எச்சரிக்கை மெயில் வருவதற்கு முன்பே பேசுங்கள், வந்தபின் சொன்னால் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

2017 சட்டப்படி யாரும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது. தைரியமாகச் சொல்லலாமே?

பாதி சரி. 2017 மனநலச் சட்டம் ரகசியம் காக்கச் சொல்வது சிகிச்சை தருகிறவர்களை, உங்கள் மேனேஜரை இல்லை. வேலை சம்பந்தமான பாதுகாப்பு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, மனநோயும் அதன் பட்டியலில் உண்டு, ஆனால் வேலையில் பாகுபாடு கூடாது என்கிற 20வது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் சொல்கிறது. 2021ல் உச்ச நீதிமன்றம் மனநோய் இருந்த ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையே பாகுபாடு என்றதே, அவர் சி.ஆர்.பி.எப். காரர், அதாவது அரசு வேலையில் இருந்தவர். தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும், அதை முதலில் வாங்கிப் படியுங்கள். அதற்கு மேல் தனியாரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்பது இன்னும் தெளிவாகாத விஷயம். அதோடு, லேசாக வந்து சரியாகிவிடும் மனச்சோர்வை அந்தச் சட்டம் ஊனமாக எடுத்துக்கொள்ளும் என்றும் நம்பிவிட முடியாது.

நான் எல்லாத்தையும் சொன்னேன், என் மேனேஜர் தங்கமானவர், ஒன்றும் ஆகவில்லை. எதுக்கு எல்லாரையும் பயமுறுத்துறீங்க?

நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார், சந்தோஷம். ஆனால் அவர் வேறு புராஜெக்டுக்குப் போகும்போது அடுத்தவரிடம் "இவருக்குக் கொஞ்சம் டென்ஷன் ஆகும், பார்த்துக்கோங்க" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்வார், ஆன்சைட் வாய்ப்பு வரும்போது அந்த ஒரு வரி முன்னால் வந்து நிற்கும். அவரிடமே கேளுங்கள், இது உங்களோடு இருக்கட்டும் என்று.

மனச்சோர்வுக்கு ஒரு மாத லீவு வேண்டும். சர்டிபிகேட்டில் டாக்டர் நோயின் பெயரையே எழுதிவிட்டார்.

அதைக் கொடுக்காதீர்கள். "என் சிகிச்சையில் இருக்கிறார், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் பல டாக்டர்கள் எழுதித் தருவார்கள். ஹெச்.ஆர். விவரம் கேட்டே தீருவோம் என்றால் கம்பெனி டாக்டரிடம் மட்டும் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள், டீமுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் கிரேன் ஓட்டுகிறேன். மாத்திரை போட்டால் தூக்கம் வருது. மறைக்கலாமா மேடம்?

இதில் மறைக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் நீங்கள் பார்க்கும் வேலையைச் சொல்லுங்கள், மருந்தையோ அதைப் போடும் நேரத்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார். அதுவரைக்கும் சூப்பர்வைசரிடம், "தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிடுகிறேன், கொஞ்ச நாள் கீழே வேலை கொடுங்கள்" என்று கேளுங்கள். மருந்து எதற்கு என்பதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.