அத்தான் பக்கத்தில் நின்றபோது போட்ட கையெழுத்து

"அக்கா, எனக்கு 26 வயது, ஊர் தக்கலை பக்கம். நாகர்கோவிலில் சோப்பு, பிஸ்கட் எல்லாம் வந்து இறங்கும் ஒரு குடோனில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சேர்ந்த அன்று ஆபீசில் ஒரு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தேதி, காரணம் எல்லாம் காலி. அத்தான்தான் வேலை வாங்கித் தந்தார், ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறார். பக்கத்தில் நின்று, 'எல்லாரும் போட்டதுதான், போடு மக்ளே' என்றார். போட்டுவிட்டேன். போன வாரம் லோடு இறக்கும்போது முதுகு பிடித்துக்கொண்ட ஒருவர் இப்போது வருவதில்லை. கேட்டால், 'அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்' என்கிறார்கள். மனைவி மாசமாக இருக்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. என்ன செய்ய?"

தம்பி, இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஜவுளிக்கடையிலிருந்து வந்திருக்கிறது, முந்திரி ஆலையிலிருந்து வந்திருக்கிறது. தாளில் என்ன எழுதியிருந்தது, தேதி காலியா இல்லையா என்று எல்லாரும் அதையேதான் சொல்வார்கள். நீ போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய், எனக்கு அதுதான் வேண்டும். அத்தான் பக்கத்தில் நின்றார். 'எல்லாரும் போட்டதுதான்' என்றார். அந்த 'எல்லாரும்' என்பதில் அவரும் உண்டுதானே? அப்படியானால் அவருடைய கையெழுத்துப் போட்ட தாளும் அதே பீரோவில்தான் கிடக்கிறது. நாலு மாதமாக ஒரே குடோனில் வேலை பார்க்கிறீர்கள், உன் அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், இதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

அந்தத் தாள் அவருக்கு என்ன செய்யும் என்று முதலில் பார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அவருக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள். ஆள் அதிகம் என்று நிர்வாகம் அவரை நிறுத்தினால், ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் அல்லது அதற்குப் பதில் 18,000 கொடுக்க வேண்டும். அது போக, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதாவது ஆறு வருடத்துக்கு 54,000. இது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. ஆக மொத்தம் 72,000. இதே ஆள் 'தானே விலகினார்' என்று ஆகிவிட்டால் அந்த 72,000-ல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி 62,300 சொச்சம் அவருக்கு வந்தாக வேண்டும். ஆனால் தேதிதான் காலியாயிற்றே! மூன்றாவது வருடத்து முடிவில் ஒரு தேதியைப் போட்டு, 'விட்டுப் போய் மறுபடி சேர்ந்தார்' என்று காட்டினால் அதற்கும் வழக்காடித்தான் வாங்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டவர் கதையும் இதுதான். அவரை அனுப்பினால் நிர்வாகம் காரணம் சொல்ல வேண்டும், காசு கொடுக்க வேண்டும். தாள் இருந்தால் இரண்டும் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாளைக்கு அந்தத் தாளை எடுத்து நீட்டினால், கையெழுத்து என்னுடையதுதான் என்று நீ சொல்லியே ஆக வேண்டும். சொன்ன நிமிஷமே, 'மனமில்லாமல் போட்டேன், அப்போது தாள் காலியாக இருந்தது' என்று காட்ட வேண்டிய பொறுப்பு உன் தலையில் வந்து விழும். கையெழுத்து நீல மையில், தேதி கறுப்பு மையில் வேறொருவர் எழுத்தில் இருக்கும். கடிதம் முழுக்க இங்கிலீஷில் இருக்கும், நீ தமிழில் கையெழுத்துப் போட்டிருப்பாய். இதெல்லாம் உதவும், ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. பார்த்த ஆள் வேண்டும். உன் விஷயத்தில் பார்த்த ஆள் யார்? அத்தான்!

மரியாதை என்று நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாயே, அது மரியாதையே இல்லை. ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்துவிட்ட பெரியவருக்கு ஒரு கடமை இருக்கிறது, அவன் கழுத்துக்குக் கத்தி வந்தால் அவர் முன்னால் நிற்க வேண்டும். நம் குடும்பங்களில் வேலை வாங்கிக் கொடுத்ததையே பெரிய கடனாக ஆக்கி, வாங்கிக்கொண்டவன் ஆயுசுக்கும் கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கிவிட்டார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு நீ பட்ட கடன், அத்தான் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதைவிடப் பெரியது. இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசு. சண்டை போடாதே. 'உங்க தாளும் அங்கதானே இருக்கு அத்தான், உங்க 72,000-மும் அதுக்குள்ளதானே இருக்கு' என்று கணக்கைச் சொல்லு. அக்காவுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

அதற்காக நாளைக்கே ஆபீசில் போய்த் தாளைத் திருப்பிக் கேட்காதே. குடோனும் கடைகள் சட்டத்துக்குள் வரும். தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 41-வது பிரிவு சொல்கிறது, ஆனால் அது ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்குத்தான். உனக்கு நாலுதான் ஆகிறது. இப்போது வாய் கொடுத்தால் தாளே தேவையில்லாமல் அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு ராத்திரியே எந்தத் தேதி, எந்த அறை, யார் நீட்டியது, யார் நின்றது, எது எது காலி என்று எல்லாவற்றையும் எழுதி, போட்டோ எடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவை. பின்னால் கேட்டால் தேதியோடு இருக்கும். ஐடி கார்டு, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எதையும் தூக்கிப் போடாதே. அப்புறம் மாதம் ஒருமுறை பிஎஃப் தளத்தில் Service History என்ற இடத்தைத் திறந்து பார். நீ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அங்கே விலகிய தேதி ஏறியிருந்தால், தாளை நிரப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அத்தானையும் அவர் கணக்கைப் பார்க்கச் சொல்லு.

'நீ எழுதிக் கொடுத்துவிட்டாய், வராதே' என்று சொன்னால் வீட்டில் உட்காராதே. மறுநாள் ஷிப்ட் நேரத்துக்குப் போய் கேட்டில் நில்லு. உள்ளே விடவில்லை என்றால் அங்கிருந்தே இன்சார்ஜுக்கு, 'வேலைக்கு வந்தேன், விடவில்லை, நான் ராஜினாமா செய்யவில்லை' என்று மெசேஜ் போடு. அதையே கடிதமாக எழுதி அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கிற மாதிரி அனுப்பு, நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடு. கணக்கு முடிக்கிறோம் என்று எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. கேட்காமலே வங்கியில் பணம் போட்டால், 'இதை ராஜினாமாவுக்கான பணமாக நான் ஏற்கவில்லை' என்று உடனே எழுதிவிடு. கை கடிக்கிறது என்று, வேலையை விட்டதாகக் காட்டி பிஎஃப் பணத்தை எடுத்துவிடாதே. நீயே விலகியதற்கு அதைத்தான் சாட்சியாகக் காட்டுவார்கள்.

அத்தான் எதற்கும் மசியவில்லை என்றால் அக்காவோடு மனஸ்தாபம் வேண்டாம். உன்னோடு அதே நாளில், அதே வாரத்தில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடமும் அதே தாளை நீட்டியிருப்பார்கள். முதுகு பிடித்துக்கொண்டவர் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு போய், அவர் உண்மையில் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று விசாரி.